அரைக் கூறு

ஒரே மாதத்தில் பதினைந்து கூறு மீன் வாங்கிப் போட்டவள் நான். அதே கரையில் அரைக் கூறு வாங்க எனக்கு நாலு மாதம் எடுத்தது. இப்போது எழுதும்போதும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் பாதி என்மேல்தான். மீதியைப் பிரித்துக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

கொழும்புத்துறைக் கரையில் நான் கருவாட்டு வியாபாரம் செய்தேன். விடிந்ததும் தோணிகள் வரும். சம்மாட்டியார், அதாவது தோணியும் வலையும் வைத்திருந்தவர், மீனை மணலில் கூறு கூறாகக் கொட்டி ஏலம் விடுவார். நாங்கள் பெண்கள் சுற்றி நின்று விலை கேட்போம். வாங்கிய மீனை முதுகுப் பக்கமாகக் கீறி, குடல் எடுத்து, கடல் தண்ணீரில் அலசி, உப்புப் போட்டு அடுக்கி, பிறகு பாயில் வெயில் காட்டுவோம். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. காய்ந்ததைப் பனையோலைக் கடகத்தில் கட்டி, பஸ்ஸின் கூரையில் ஏற்றிச் சாவகச்சேரிச் சந்தைக்குக் கொண்டு போவேன். கொண்டக்டர் ஒவ்வொரு நாளும் மூக்கைப் பொத்துவான். காசு வாங்கும்போது மட்டும் பொத்தமாட்டான்.

அந்தப் பக்கத்துத் தென்மராட்சிச் சனம் சைவச் சனம். நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் மீன் மச்சம் தொடாது. அந்த நாட்களில் எங்கள் கரையில் மீன் கேட்பாரில்லாமல் கிடக்கும். வெயிலோ நெருப்பாய் எரிக்கும். மலிந்த மீனை வாங்கிக் காயவைத்து, திருவிழா முடிந்ததும் விற்றால் லாபம். இது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எல்லோருக்கும் தெரிந்த கணக்கில் எல்லோரும் இறங்குவார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் கொடி ஏறிய கிழமையே ஐந்து கூறு வாங்கினேன். அடுத்த கிழமை விலை இன்னும் விழுந்தது. விழுந்தால் மலிவு என்று இன்னும் ஐந்து வாங்கினேன். பிறகும் விழுந்தது. காப்பை ஈடு வைத்து இன்னும் ஐந்து. உப்பு ஐந்து கூறுக்குத்தான் இருந்தது. அரசாங்க உப்பு, நினைத்த நேரம் கிடைக்காது. இருந்ததைப் பதினைந்துக்கும் தூவினேன். தூவினேன் என்றுதான் சொல்லவேண்டும். கோலம் போடுகிற மாதிரி.

திருவிழா முடிந்தது. கரை முழுக்கக் கருவாட்டோடு சந்தைக்கு வந்து நின்றது. விலை பாதி. நான் விற்கவில்லை. ஏறும் என்று திருப்பிக் கொண்டுவந்து அடுக்கினேன். புரட்டாசியில் இரண்டு மழை விழுந்தது. கருவாடு வேர்த்து, கையில் பிசுபிசுத்து, உள்ளே புழு வைத்தது. நல்லதென்று நினைத்துப் பொறுக்கி விற்றதையும் வாங்கினவர்கள் திருப்பி எறிந்தார்கள். மிச்சத்தைத் தென்னைக்கு உரமாய்த் தாட்டோம். என் முதல் காசில் ஐந்துக்கு நாலு பங்கு மண்ணுக்குள் போனது.

அதன்பிறகு மாரி முழுவதும் என் மச்சாளின் வீட்டு வளவில் கூலிக்கு மீன் கீறினேன். மச்சாள் என் புருஷனின் தமக்கை; அவளுக்கும் நான் மச்சாள். கரையில் அவளைவிடப் பெரிய வியாபாரி இல்லை. மீன் கீறுவது எனக்குக் கேவலமில்லை. சின்ன வயதில் கீறித்தான் வளர்ந்தேன். ஆனால் அவள் பாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "சம்மாட்டிச்சி, வால்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் கீறும்" என்று சொல்லும்போது கத்தியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாமல் போகும்.

மிச்சமிருந்த ஒரு பங்கு முதல் காசு தகர டப்பாவில் கிடந்தது. அதுவும் போனால் சாகும்வரை அவள் வளவுதான். அது ஒன்றுதான் என் பயம். அந்தப் பயத்தால் தை பிறந்து வெயில் திரும்பிய பிறகும் ஏலத்தில் நான் வாய் திறக்கவில்லை. போய் நிற்பேன். விலை சொல்ல நினைப்பேன். சொல்லமாட்டேன். வந்துவிடுவேன்.

என் புருஷன் வேறொருவரின் தோணிக்குப் போகிறவர். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் எரிச்சல்தான் வரும்.

"ஏலத்துக்குப் போறாய், வாறாய். கரையிலை காத்து வாங்கவோ போறனீ?" என்றார் ஒருநாள்.

"பயமாய்க் கிடக்கு."

"எவ்வளவு வாங்கப் பயம்?"

"ஒரு கூறு வாங்கவும் பயம்."

"அப்ப பயமில்லாத அளவு வாங்கன். ரெண்டு மீன் வாங்கன். எனக்கும் குழம்புக்காகும்."

பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்து சட்டியைத் தூக்கி அடித்தேன். ஆனால் அன்று முழுவதும் அந்தச் சொல் மண்டைக்குள் நின்றது. பயமில்லாத அளவு. அது போனாலும் நான் எழும்பி நிற்கக்கூடிய அளவு. யோசித்துப் பார்த்தேன். அரைக் கூறு. அதற்கு மேலே என்றால் பயம்.

அரைக் கூறு ஏலத்தில் கிடையாது. இரண்டு பேர் சேர்ந்துதான் ஒரு கூறை எடுக்கவேண்டும். அப்படி எடுத்தால் கரையில் ஒரு வழக்கம் உண்டு: ஒருத்தி இரண்டாகப் பங்கு போடுவாள், மற்றவள் விரும்பிய பங்கை முதலில் எடுப்பாள். குருநகரிலிருந்து கலியாணம் செய்து வந்த ஒருத்தி இருந்தாள். அவளும் புதிதாகத் தொடங்குகிறவள். அவளிடம் போய்க் கேட்டேன்.

"அக்கா, நீங்கள் என்னோடை அரைக் கூறோ? பகிடி விடுறியளோ?"

"பகிடியில்லை. நீ பங்கு போடு, நான் எடுக்கிறன்."

"ஐயோ, நீங்கள் போடுங்கோ. நான் போட்டால் நீங்கள் நல்லதைத் தூக்கிடுவியள்."

"அதுக்குத்தானேடி சரியாய்ப் போடவேணும்!"

மணலில் குந்தியிருந்து நான் மீனைப் பங்கு போட்டேன். கட்டாவுக்குக் கட்டா, பாரைக்குப் பாரை. போன திருவிழாக் காலத்தில் இதே இடத்தில் நின்று, காலால் தட்டி, "அந்தப் பக்கம் முழுக்க எனக்கு" என்று சொன்னவள் நான். மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்கோடி, சம்மாட்டிச்சி மீன் எண்ணுறா! செதிலையும் எண்ணும், மச்சாள், குறைஞ்சு போடும்!"

கரை சிரித்தது. எனக்குக் காது கொதித்தது. நான் எண்ணி முடித்தேன்.

அந்த அரைக் கூறுக்கு உப்பு நிறைய இருந்தது. முதல் தடவையாக அளந்து போட்டேன். ஒரு பாய் போதும் காயவைக்க. காகம் ஒன்று வந்தாலும் தெரியும். சந்தைக்குக் கொண்டு போனேன். அங்கே தோட்டக்காரப் பெண் ஒருத்தி, முன்பு என் நிரந்தர வாடிக்கை, கடகத்தைப் பார்த்ததும் விலகினாள்.

"உன்னட்டையோ? போன முறை வாங்கினது சட்டியிலை நெளிஞ்சுது. மனுசன் இலையோடை எழும்பினவர்."

"இதைப் பார். முறிச்சுப் பார். மணந்து பார்."

முறித்தாள். மணந்தாள். முகத்தைச் சுழித்துக்கொண்டே ஒரு துண்டு எடுத்தாள். "ஒண்டுதான். சரியில்லையெண்டால் உன்ரை மூஞ்சியிலை எறிவன்."

"எறி" என்றேன். அடுத்த சந்தைக்கு அவள் வந்து நாலு எடுத்தாள். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் எனக்கென்று ஒரு சட்டம் வைத்தேன். ஏலம் தொடங்குமுன் என் விலையை மனதில் முடிவு செய்யவேண்டும்; அதற்கு மேலே ஒரு சதமும் கேட்கக்கூடாது. உப்பு வீட்டில் இருந்தால்தான் மீன். வாங்கினதை விற்று முடிக்காமல் அடுத்ததை வாங்கக்கூடாது. விலை விழுந்திருந்தாலும் சந்தையில் விற்றுவிட்டுத்தான் வரவேண்டும். திருப்பிக் கொண்டுவந்து அடுக்கக்கூடாது. இவ்வளவையும் பிசகாமல் பத்துத் தடவை செய்தால் ஒரு படி ஏறலாம். அரையிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு, பிறகு நாலு, பிறகு ஆறு. மூன்று தடவை தொடர்ந்து நட்டப்பட்டாலும், ஒரு தடவை சட்டத்தை மீறினாலும் ஒரு படி இறங்கவேண்டும்.

புருஷனுக்குச் சொன்னேன். "லாபம் வந்தால் ஏறலாம் எண்டு வைக்கலாமே?" என்றார்.

"லாபம் குருட்டு வாக்கிலையும் வரும். நான் ஒழுங்காய்ச் செய்தனோ எண்டதுதான் எனக்குத் தெரியவேணும்."

"ஓம். நீ சொன்னால் சரி" என்றார். அவருக்கு விளங்கவில்லை. விளங்காததற்கு ஓம் போடுவது அவருடைய பழக்கம்.

பத்துத் தடவையில் ஏழில் லாபம், மூன்றில் கையைக் கடித்தது. அந்த மூன்றும் கணக்கில் சேர்ந்தன, ஏனென்றால் அவற்றில் என் பிழை இல்லை. ஒன்றுக்கு ஏறினேன். குருநகர்க்காரி ஒரு மூச்சு அழுதாள், பங்குக்கு ஆள் போச்சு என்று. முதல் முழுக் கூறைக் கேட்ட அன்று என் குரல் கிறீச்சிட்டது. சம்மாட்டியார், "ஆர் கேட்டது, கொக்கோ?" என்றார். மறுபடியும் கரை சிரித்தது. சிரிப்பதற்கென்றே பிறந்த கரை அது.

இரண்டுக்கு ஏறியபோது தவசு காலம். எங்கள் கத்தோலிக்கச் சனம் நோன்புக்கு இறைச்சி விட்டு மீனுக்கு வந்தது. நன்றாக விற்றது. ஏலத்தில் பயமில்லாமல் கேட்டேன். அப்போதுதான் நான் விழுந்தேன்.

வைகாசியில் ஒருநாள் நல்ல கட்டா வந்தது. நாலு கூறு. என் அளவு இரண்டு. என் விலையும் மனதில் இருந்தது. மச்சாள் எதிரே நின்று கேட்டாள். நான் கேட்டேன். அவள் கூட்டினாள். என் விலை முடிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அவ்வளவுதானோ?" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்க. "பாவம், விடுங்கோ. நாளைக்கு வளவுக்கு வாரும் மச்சாள். கீற ஆள் காணாது."

என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது. நாலு கூறையும் என் விலைக்கு மிக மேலே கேட்டு எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உப்பு நினைவுக்கு வந்தது. ஓடித் திரிந்து நாலு வீட்டில் இரந்து உப்புச் சேர்த்தேன். போன வருடம் போலவே மீன் முந்தி, உப்புப் பிந்தி.

அடுத்த நாளே சோழகக் காற்று அடித்துக்கொண்டு எழும்பியது. ஒன்பது நாள் ஒரு தோணியும் இறங்கவில்லை. கரையில் மீன் வால்கூட இல்லை. சந்தையில் என் கருவாட்டுக்கு அடிபிடி. மூன்று மாதத்தில் உழைக்காததை ஒரு கிழமையில் உழைத்தேன்.

புருஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "பாத்தியே? உன்ரை சட்டத்தைக் கொண்டுபோய்க் கடலிலை போடு. கை வந்திட்டுது உனக்கு."

"கையும் காலும் வரேல்லை. காத்து வந்தது."

"காத்தோ கடவுளோ, காசு காசுதானே?"

"நான் அவளின்ரை வாய்க்குக் கேட்டு வாங்கினன், மீனைப் பாத்து வாங்கேல்லை. போன வருசம் செய்ததைத்தான் திருப்பிச் செய்தன். காத்து அடிக்காட்டில் இப்ப தென்னைக்குத் தாட்டுக்கொண்டு நிப்பம்."

"வெண்டவள் ஆரும் அழுவாளோ? விசரடி உனக்கு."

நான் அழவில்லை. கொதித்தேன். தோற்றிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தோல்வி என்னைத் தானே கீழே இறக்கியிருக்கும். இந்த வெற்றியோ என் முதுகில் தட்டி, இப்படியே செய் என்றது. அதைவிடப் பொல்லாத காரியம் எனக்கு நடந்ததில்லை. இன்னொரு தடவை அப்படிச் செய்தால் காற்று எனக்காக எழும்பாது.

காற்று அடங்கித் தோணிகள் வந்த அன்று கரை முழுவதும் என்னைத்தான் பார்த்தது. சம்மாட்டியார் நாலு கூறை ஒதுக்கிவைத்து, "இது உமக்கு. ஏலமும் வேண்டாம், கரையிலை போற விலைக்கு எடும்" என்றார். மரியாதைக்குத்தான் சொன்னார். அந்த மரியாதை எனக்கு ஒரு வருடமாகக் கிடைக்காதது. எடுக்கச் சொல்லி உடம்பெல்லாம் கேட்டது.

"ஒரு கூறு போதும்" என்றேன்.

"என்ன, ஒண்டோ?"

"ஒண்டு."

மச்சாள் பாக்கைத் துப்பினாள். "வெண்டாலும் இறங்குறாள், தோத்தாலும் இறங்குறாள். இவளுக்கு என்ன வியாதி?"

"உங்கடை வாய் கேட்டால் வாற வியாதி, மச்சாள்" என்றேன். அன்று கரை என் பக்கம் சிரித்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்றில் மறுபடி பத்துத் தடவை. பிறகு இரண்டு. அவள் என்ன சொன்னாலும் என் விலை முடிந்தால் நான் நடந்துவிடுவேன். நிற்பதில்லை. நின்றால் கேட்கத் தோன்றும் என்பது தெரிந்துவிட்டது. இரண்டிலும் பத்து முடித்து நாலுக்கு ஏறியபோது நல்லூரில் கொடி ஏறப் பத்து நாள்கூட இல்லை.

மறுபடியும் திருவிழா. மறுபடியும் மலிவு. நாலு கூறு வாங்கி, உப்பு அளந்து போட்டு, காயவைத்துக் கட்டினேன். விற்று முடிக்காமல் வாங்கக்கூடாது என்பது என் சட்டம். திருவிழா முடியும்வரை விற்க முடியாது. ஆகவே இனி வாங்கவும் முடியாது. சட்டம் வைத்தபோது இந்த இடத்தை நான் யோசிக்கவில்லை. இருபது நாள் கரையில் மீன் கொள்ளை மலிவாகப் போனது. போன வருடம் நான் வாங்கிய விலையைவிட மலிவு. சில நாள் கேட்க ஆளில்லாமல் காகத்துக்குப் போனது. சம்மாட்டியார் வீட்டுப் படலையில் வந்து நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, காசு பிறகு தாரும். ஐஞ்சு கூறு எடும். மனுசரே விடுவினம் இந்த விலைக்கு?"

"எனக்கு வேண்டாம்."

"பயமோ?"

"ஓம், பயம்தான். போயிட்டு வாங்கோ."

அவர் போனபிறகு கிணற்றடியில் நின்று அவரையும், மச்சாளையும், என் சட்டத்தையும் வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து வளவுக்காரி என்னவோ ஏதோவென்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

மச்சாள் பத்தொன்பது கூறு வாங்கினாள். அவள் விழுவாள் என்று நான் காத்திருந்தேன். பொய் சொல்லி என்ன, மாதாவிடம் கேட்டும் பார்த்தேன். அவள் விழவில்லை. அவளிடம் உப்பு இருந்தது, கீற ஆட்கள் இருந்தார்கள், பனையோலை வேய்ந்த நல்ல கொட்டில் இருந்தது. அந்த வருடம் புரட்டாசியில் மழையும் பிந்தியது. அவள் மாதக்கணக்காய் வைத்து விற்று அள்ளிக்கொண்டாள். புதுச் சங்கிலி போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தாள். கோயிலில் என் பக்கம் திரும்பி அதைச் சரிசெய்தாள்.

நான் நாலு கூறையும் திருவிழா முடிந்த முதல் சந்தையிலேயே விற்றேன். போன வருடம் போல விலை பாதியாக இல்லை. ஆனாலும் பெரிய விலையும் இல்லை. சொற்ப லாபம். அந்தத் தோட்டக்காரி எட்டுத் துண்டு எடுத்து, "உப்புச் சரி" என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

"நீயும் வாங்கியிருக்கலாம். அக்காவைப் பார்" என்றார் புருஷன்.

"அக்காவிட்டைப் பத்தொன்பது தாங்கிற கொட்டில் கிடக்கு. என்னட்டை நாலு தாங்கிற பாய் கிடக்கு. வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சரியாகச் செய்துவிட்டும் பக்கத்தில் ஒருத்தி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கசப்பான வேலை. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாலில் பத்துத் தடவை முடிய மாரி போய், மாசி வந்துவிட்டது. இடையில் ஒரு தடவை மழைமூட்டத்தில் இரண்டு பாய் கெட்டது. அது நட்டம், பிழையல்ல. உப்பும் அளவும் சரியாக இருந்தன. ஒரு நட்டத்துக்காக இறங்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் இறங்கியிருப்பேன், பயத்தால். இறங்காமல் நின்றது ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பதினோராவது ஏலத்தன்று காலை மணலில் பனி இருந்தது. உப்பு வீட்டில் இருந்தது. பாய்கள் வெறுமையாக இருந்தன. விலை மனதில் இருந்தது. மச்சாள் எனக்கு எதிரே நின்று பாக்குச் சப்பினாள். சம்மாட்டியார் பாரையும் கட்டாவும் கலந்த கூறுகளைக் காட்டி ஏலத்தைத் தொடங்கினார்.

"ஆறு" என்றேன். என் விலையையும் சொன்னேன்.

மச்சாள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகமில்லை. மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஞாபகமிருக்கிற எனக்கு அது மட்டும் இல்லை. விலை என் அளவுக்குள் நின்றது. நான் குனிந்து மீனைக் கடகத்தில் அள்ளத் தொடங்கினேன்.